முதல் அழைப்பைத் தள்ளிப்போடும் வாசகருக்கு

கேள்வி: அம்மா, எனக்கு 29 வயது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். வீட்டில் பார்த்த வரன். பெண் கோவையில் ஆசிரியை. இரு வீட்டாரும் சம்மதித்த பிறகு இரண்டு மாதமாக வாட்ஸ்அப்பில் எழுதிக்கொள்கிறோம். அவருக்கு என் எழுத்து பிடிக்கும். போன மாதம் "வீடியோ காலில் பேசலாமா?" என்று கேட்டார். சிக்னல் இல்லை என்று இரண்டு முறை தட்டிக்கழித்துவிட்டேன். சங்கத்தில் நாள் முழுவதும் உறுப்பினர்களிடம் போனில் பேசுகிறவன்தான். ஆனால் இவரிடம் பேச நினைத்தாலே, நடுவில் பேச்சு நின்றுபோனால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. குரல் பதிவு அனுப்பலாம் என்று பேசிப் பார்த்தேன். என் குரலைக் கேட்டதும் அழித்துவிட்டேன். வீட்டிலோ அம்மா, அப்பாயி, தங்கை எல்லாரும் இருப்பார்கள். எப்படித் தொடங்குவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அந்தச் சிக்னல் சாக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். ஒருமுறை சொன்னால் அது காரணம். இரண்டாம் முறை சொன்னால் கேட்பவருக்குக் கேள்வி எழும். மூன்றாம் முறை சொன்னால் அவர் தன் தோழியிடமோ அண்ணனிடமோ கலந்துபேசத் தொடங்கிவிடுவார். ஒரு பெண் வீடியோவில் பேசலாமா என்று கேட்பதில் ஆவல் மட்டும் இருப்பதில்லை. புகைப்படத்தில் பார்த்தவரும் இவ்வளவு நாள் எழுதிவந்தவரும் ஒரே ஆள்தானா, அந்தச் செய்திகளை வேறு யாரும் எழுதித் தரவில்லையே என்று தெரிந்துகொள்ளும் தேவையும் அதில் இருக்கிறது. வீட்டார் பார்த்த வரன் என்பதால் இந்தத் தேவை குறையும், மறைந்துவிடாது. நீங்கள் உங்கள் கூச்சத்தை மறைக்கச் சொன்ன சாக்கு, அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு எதையோ மறைப்பதாகத் தெரியும். ஆகவே உண்மையையும், நாளையும், நேரத்தையும் ஒரே செய்தியில் எழுதி அனுப்புங்கள். உங்கள் நடையில் இப்படி இருக்கலாம்:

"வீடியோல பேச எனக்கும் விருப்பந்தான். சிக்னல் இல்லைன்னு ரெண்டு தடவை சொன்னது முழு உண்மை இல்லைங்க. எழுதற அளவுக்குப் பேச வராதோன்னு ஒரு தயக்கம். வர்ற ஞாயிறு காலைல 11 மணிக்கு முதல்ல சாதாரணப் போன்ல ஒரு கால் மணி நேரம் பேசுவோமா? அதுக்கு அடுத்த ஞாயிறு வீடியோல பேசிடலாம். இந்த நேரம் உங்களுக்குத் தோதுப்படுமா?"

அவர் கேட்டது வீடியோ; நீங்கள் தருவது குரல் மட்டும். அந்தக் குறையை ஈடுகட்டவே வீடியோவுக்கான நாளையும் அதே செய்தியில் சொல்லச் சொல்கிறேன். "பிறகு பார்க்கலாம்" என்று விட்டால் இதுவும் இன்னொரு தட்டிக்கழிப்பாகவே படும். ஒருவேளை அவர், "இல்லை, ஒரு நிமிடமாவது முகம் பார்த்துப் பேசிவிடலாம்" என்றால் மறுக்காதீர்கள். குரலில் பேசி முடிக்கும் தறுவாயில் இரண்டு நிமிடம் கேமராவை இயக்கி வணக்கம் சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளலாம்.

குரலை முதலில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்னும் இரு உளவியலாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாதவர்களை எழுத்து, குரல், வீடியோ என்று வெவ்வேறு வழிகளில் பேசவைத்துப் பார்த்தார்கள். குரலில் பேசினால் சங்கடமாக இருக்கும் என்று முன்கூட்டியே நினைத்தவர்கள், பேசி முடித்தபின் அப்படி உணரவில்லை. எழுத்தில் உரையாடியவர்களைவிடக் குரலில் பேசியவர்களிடையே நெருக்கமும் கூடியிருந்தது. அதைவிட முக்கியமாக, அந்த நெருக்கத்தைத் தருவதில் பெரும்பங்கு குரலுக்கே இருந்தது. முகம் தெரிவதால் அதற்குமேல் பெரிதாக எதுவும் கூடிவிடவில்லை. உங்களைப் போன்ற ஒருவருக்கு இது வசதியான செய்தி. முகத்தை எங்கே வைப்பது, கண் எங்கே பார்ப்பது, பின்னால் யார் நடக்கிறார்கள் என்ற கவலைகள் எதுவுமில்லாமல் பேச்சை மட்டும் முதலில் பழகிக்கொள்ளலாம். அதனால் நெருக்கத்தில் நீங்கள் இழப்பது அதிகமில்லை.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். பேச்சு நின்றுபோகும் என்று அஞ்சுகிறீர்கள். அது நின்றுபோகத்தான் செய்யும். எழுத்தில் ஒரு செய்திக்குப் பதில் யோசிக்க உங்களுக்குப் பத்து நிமிடம் கிடைக்கிறது. எழுதியதை அழித்து எழுதலாம். நடுவில் எழுந்துபோய்ச் சாப்பிட்டும் வரலாம். நேர்ப்பேச்சில் அப்படியில்லை. பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், கேட்ட கேள்விக்குப் பதில் தொடங்க மனிதர்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் சராசரியாக 0.2 நொடி என்று தெரியவந்தது. மொழிக்கு மொழி இது சற்று கூடும், குறையும். ஆனாலும் எங்கும் ஒரு நொடியில் சிறு பகுதிதான். எதிரில் இருப்பவர் பேசி முடிக்குமுன்பே நம் மனம் பதிலைத் தயாரித்துவிடுவதால்தான் இது முடிகிறது. சங்கத்துக்கு வரும் உறுப்பினரிடம் நீங்கள் தடுமாறாமல் பேசுவதும் இதனால்தான். அவர் கேட்கப்போவது பயிர்க்கடனைப் பற்றியா உரத்தைப் பற்றியா என்பது உங்களுக்கு முன்பே தெரியும். கோவைப் பெண் அடுத்து என்ன கேட்பார் என்பது தெரியாது. ஆகவே முதல் அழைப்பில் உங்கள் பதில்கள் அரை நொடியோ ஒரு நொடியோ தாமதமாகவே வரும். நாள் முழுவதும் போனில் பேசும் ஒருவருக்கு இது நோயுமன்று, குறையுமன்று.

இந்தத் தாமதத்தின்மேல் இணைப்பின் தாமதமும் ஏறிக்கொள்கிறது. குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச்சேர 150 மில்லி நொடிக்குமேல் ஆகாமல் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பதும், 400ஐத் தாண்டவே கூடாது என்பதும் உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பழைய பரிந்துரை. சிக்னல் தளர்ந்த இடத்தில் வாட்ஸ்அப் அழைப்பு இதைச் சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும். தாண்டினால் வருவதைக் கவனியுங்கள். நீங்கள் உடனே பதில் சொல்லியிருப்பீர்கள், அது அவர் காதில் விழ நேரமாவதால் "இவர் ஏன் யோசிக்கிறார்?" என்று அவருக்குத் தோன்றும். 2014இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு காட்டியதும் இதைத்தான்: இணைப்பில் தாமதம் இருக்கும்போது மனிதர்கள் இணைப்பைக் குறை சொல்வதில்லை, எதிரில் பேசுபவரையே கவனமில்லாதவர் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இதற்கு எளிய பரிகாரம், முதல் அழைப்பை வாட்ஸ்அப்பில் வைக்காமல் சாதாரணத் தொலைபேசி அழைப்பாக வைப்பது. 4ஜி கட்டமைப்பில் சாதாரணக் குரல் அழைப்புக்கென்று தனி முன்னுரிமை உண்டு. அந்நேரம் ஊரில் எத்தனை பேர் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாலும் அது அவ்வளவாகத் தடுமாறாது. வாட்ஸ்அப் அழைப்புக்கு அந்த முன்னுரிமை கிடையாது. எல்லோருடைய டேட்டாவோடும் சேர்ந்து அதுவும் வரிசையில் நிற்கும். உங்கள் எண் அவரிடமும் அவர் எண் உங்களிடமும் ஏற்கெனவே இருப்பதால், இதில் தயங்க ஒன்றுமில்லை.

அடுத்து ஒலிபெருக்கி. போனை மேசைமேல் வைத்துவிட்டு ஸ்பீக்கரில் பேசாதீர்கள். ஸ்பீக்கரில் இருக்கும்போது எதிரொலியைத் தடுப்பதற்காகப் போன் ஒருவர் பேசுகையில் மற்றவர் ஒலியை அடக்கிவிடும். நம் ஊரில் கதை கேட்பவர் "ம்" கொட்டவில்லையென்றால் கதை சொல்பவர் "தூங்கிட்டியா?" என்று நிறுத்திவிடுவார். நீங்கள் பேசும்போது அவர் "ம்", "ஆமாங்க", "அப்படியா" என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஸ்பீக்கரில் அவை உங்களுக்கு வந்துசேராது. நீங்கள் வெற்றிடத்தில் பேசுவதாக உணர்ந்து, வேகத்தைக் கூட்டி, சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்துவீர்கள். மைக் உள்ள கம்பி இயர்போன் ஒன்று போதும். புளூடூத் இயர்போனும் தன் பங்குக்குச் சிறிது தாமதத்தைச் சேர்க்கும் என்பதால் முதல் அழைப்புக்கு அதைத் தவிர்க்கலாம்.

"ம்" கொட்டுவதை நீங்களும் மறக்காதீர்கள். எழுத்திலேயே பழகிய உறவுகளில் நான் அடிக்கடி காணும் சிக்கல் இது. அரட்டையில் மற்றவர் எழுதிக்கொண்டிருக்கும்போது நாம் சும்மா இருப்பதே வழக்கம். அதே பழக்கத்தில் போனிலும் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மறுமுனையில் இருப்பவர் மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை "லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டால், அதன் பொருள் இணைப்பு மோசம் என்பது மட்டுமன்று, நீங்கள் "ம்" கொட்ட மறந்துவிட்டீர்கள் என்பதாகவும் இருக்கலாம். அதேபோல, அரட்டையில் நீங்கள் யோசிக்கும்போது "டைப் செய்கிறார்" என்று அவருக்குத் திரையில் தெரிகிறது. போனில் அந்த அடையாளம் இல்லை. ஆகவே யோசிக்கும்போது அதை வாயால் சொல்லிவிடுங்கள்: "இருங்க, யோசிச்சுச் சொல்றேன்." இதைச் சொன்னபின் நான்கு நொடி மௌனமாக இருந்தாலும் அது அவருக்கு உறுத்தாது, சொல்லாமல் இரண்டு நொடி இருந்தாலும் உறுத்தும்.

இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று மாறிமாறிச் சொல்வது முதல் அழைப்பில் கட்டாயம் நடக்கும். அழைத்தவர் விட்டுக்கொடுப்பது என்று மனத்துக்குள் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். அழைக்கப்போவது நீங்கள், ஆகவே ஒருமுறை "நீங்க சொல்லுங்க" என்றபின் அவர் பேசத் தொடங்கும்வரை அமைதியாக இருங்கள்.

குரல் பதிவைப் பற்றி. உங்கள் குரல் உங்களுக்கே பிடிக்காமல் போனதற்குக் காரணம் குரலில் இல்லை. பேசும்போது நம் குரலை நாம் காற்று வழியாக மட்டுமின்றி மண்டையோட்டு எலும்பின் அதிர்வு வழியாகவும் கேட்கிறோம். எலும்பு வழி வருவதில் கனத்த ஒலி கூடுதலாக இருக்கும். பதிவில் அந்தப் பகுதி இல்லாததால் குரல் மெலிந்து, வேறு யாருடையதோ போலக் கேட்கிறது. சங்கத்துக்கு வருகிறவர்களும் உங்கள் தங்கையும் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுவருவது அந்தப் பதிவில் உள்ள குரலைத்தான். அவர்களுக்கு அதில் விசித்திரம் எதுவும் தெரிவதில்லை. வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஒரே ஒரு குரல் பதிவு அனுப்பலாம்: அரை நிமிடத்துக்குள், ஒரே எடுப்பில், திரும்பக் கேட்காமல். ஆனால் குரல் பதிவுகளை வாரக்கணக்கில் பரிமாறிக்கொள்வதை ஒரு படியாக வைக்கச் சொல்லும் ஆலோசனையில் எனக்கு உடன்பாடில்லை. அதிலும் அழித்துத் திருப்பிப் பேசும் வசதி இருக்கிறது. நீங்கள் எந்த வசதியிலிருந்து வெளியே வர வேண்டுமோ அதிலேயே இன்னும் சிறிது நாள் தங்கிவிடுவீர்கள்.

சரி, ஞாயிறு காலை 11 மணி. நேரத்தை நான் சும்மா சொல்லவில்லை. இரவு எட்டிலிருந்து பத்துவரை வீட்டில் எல்லோரும் கூடத்தில் இருப்பார்கள். டேட்டாவும் அப்போதுதான் திணறும். காலை ஏழு மணிக்கு மார்கழியென்றால் கோயில் ஒலிபெருக்கி, தை மாசியென்றால் வயலில் அறுவடை இயந்திரம், ஆடியென்றால் மாரியம்மன் கோயில் பாட்டு நாள் முழுவதும். உங்கள் ஊரில் அந்த வாரம் எது ஒலிக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதற்கு முன் ஒரு நாள் அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று ஒரு நண்பரை அழைத்து ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள்; "என் குரல் எப்படி வருகிறது?" என்று கேளுங்கள். மொட்டை மாடியில் சிக்னல் நன்றாக இருக்கும். ஆனால் காற்று மைக்கில் அடித்துக்கொண்டே இருக்கும், பகல் வெயிலும் உண்டு. மாடிப்படி ஏறி முடியும் இடத்தில் தடுப்போ அறையோ இருந்தால் அதுவே நல்ல இடம். வெறும் சிமென்ட் அறையில் எதிரொலிக்கும். பாயும் போர்வையும் அடுக்கி வைத்த அறையில் குரல் தெளிவாக இருக்கும்.

வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஒளிந்து பேச வேண்டிய விஷயமில்லை இது. இரு வீட்டாரும் அறிந்தது. "ஞாயிறு பதினோரு மணிக்கு அவங்ககிட்ட கால் மணி நேரம் பேசப்போறேன், நடுவுல கூப்பிடாதீங்க" என்று அம்மாவிடம் சொன்னால், அவரே தங்கையையும் அப்பாயியையும் பார்த்துக்கொள்வார். சொல்லாமல் கொல்லைப்புறத்துக்குப் போனால்தான் எல்லோருடைய காதும் உங்கள் பின்னால் வரும். யாராவது பக்கத்தில் இருக்கும் நிலை வந்தால் அதை அவரிடம் மறைக்காதீர்கள்; "தங்கச்சி இங்கதான் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். தான் ஒருவரிடம் பேசுவதாக நினைத்துப் பேசிய பேச்சை மூன்று பேர் கேட்டிருந்தார்கள் என்று பின்னால் தெரிவதைப்போல நம்பிக்கையைக் கெடுப்பது வேறில்லை.

பேச ஒரு துண்டுத்தாளில் மூன்றே குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியமாக எழுதாதீர்கள்; எழுதிய வாக்கியத்தைப் படிப்பது குரலிலேயே தெரிந்துவிடும், ஆசிரியைக்கு நிச்சயம் தெரியும். குறிப்புகளைப் புதிதாகத் தேடவும் வேண்டாம். இரண்டு மாத அரட்டையைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். எழுத்தில் அரைகுறையாக நின்றுபோன பேச்சு நிறைய இருக்கும். எடுத்துக்காட்டாக, மாப்பிள்ளைச் சம்பா அரிசியை எப்படிச் சமைப்பது என்று அவர் எப்போதோ கேட்டு, நீங்கள் இரண்டு வரியில் பதில் எழுதியிருந்தால், அது போனுக்கென்றே பிறந்த விஷயம். எவ்வளவு நேரம் ஊற வைப்பது, தண்ணீர் எவ்வளவு கூடுதலாக வைப்பது, அப்பாயி அதில் கஞ்சி எப்படி வைப்பார் என்று சொல்லிக்கொண்டே போகலாம். பாரம்பரிய நெல் வகைகளை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்திய ஆதிரெங்கம் உங்கள் பக்கத்தது. கோவைக்காரருக்கு அதில் கேட்க நிறைய இருக்கும். இரண்டாவது குறிப்பு அவரைப் பற்றியதாக, அவர் விரித்துச் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். "பள்ளிக்கூடம் எப்படிப் போகுது?" என்றால் "நல்லாப் போகுது" என்பதோடு முடிந்துவிடும். "அந்த ஏழாம் வகுப்புப் பையன் பரீட்சைக்கு வந்தானான்னு நீங்க அப்புறம் சொல்லவே இல்லையே" என்றால் ஒரு கதை வரும். மூன்றாவது குறிப்பு தேவைப்படாமலே போகலாம்.

அழைத்தவுடன் சொல்லும் முதல் வாக்கியம் சாதாரணமாக இருக்கட்டும்: "வணக்கங்க, நான்தான் பேசறேன். கேக்குதா?" அதற்கு அவர் சொல்லும் பதிலிலேயே இருவரும் மற்றவர் குரலுக்குப் பழகிவிடுவீர்கள். உங்கள் பேச்சில் தஞ்சை வட்டாரமும் அவர் பேச்சில் கொங்கும் இருக்கும். அதை மறைக்க மேடைத் தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ தாவாதீர்கள். அரட்டையில் நீங்கள் எழுதிய நடையோடு அது ஒட்டாது, மூன்றாம் நிமிடத்தில் உங்களுக்கே மூச்சு வாங்கும். "நீங்க", "வாங்க" என்ற மரியாதை எழுத்தில் எப்படி இருந்ததோ அப்படியே தொடரட்டும். குரல் வந்ததும் நெருக்கம் காட்டுவதாக நினைத்துப் பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவது அவர் பக்கத்திலிருந்து வரட்டும்.

கால் மணி நேரம் என்றால் கால் மணி நேரம். பேச்சு நன்றாகப் போனாலும் இருபது நிமிடத்துக்குமேல் இழுக்காதீர்கள் என்பது என் கருத்து. முதல் அழைப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் தொடக்கத்தில் இல்லை, பேச்சு தீர்ந்தபிறகும் யார் முடிப்பது என்று தெரியாமல், "அப்புறம்?", "அப்புறம் நீங்கதான் சொல்லணும்" என்று இழுக்கும் கடைசிப் பத்து நிமிடத்தில்தான். நேரத்தை முன்பே சொல்லிவிட்டதால் நீங்களே முடிக்கலாம், அது அவமதிப்பாகாது: "பதினொன்றே கால் ஆச்சுங்க. அந்தப் பையன் கதை பாதியில நிக்குது, அடுத்த ஞாயிறு வீடியோல சொல்லுங்க."

வைத்தபின் மனம் உங்களை விசாரணைக் கூண்டில் ஏற்றும். அவர் குரல் நீங்கள் நினைத்திருந்தபடி இல்லை என்றும், எழுத்தில் இருந்த கலகலப்பு பேச்சில் இல்லை என்றும் தோன்றலாம், அவருக்கும் தோன்றலாம். எழுத்தில் மட்டும் பழகும்போது, தெரியாத இடங்களை நாம் நல்லதாகவே நிரப்பிக்கொள்கிறோம் என்பதை ஜோசப் வால்தர் என்னும் தொடர்பியல் அறிஞர் 1996இலேயே விளக்கியிருக்கிறார். முதல் குரல் வந்ததும் அந்த நிரப்பல்களில் சில உதிரும். அதைப் பொருத்தமின்மை என்று உடனே தீர்ப்பெழுதிவிடாதீர்கள். இரண்டு மூன்று அழைப்புக்குப் பிறகே குரலும் எழுத்தும் ஒரே ஆளாகச் சேரும். ஆனால் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டிய அடையாளங்களும் உண்டு. நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியும் அவர் உங்களிடம் ஒரு கேள்விகூடத் திருப்பிக் கேட்கவில்லை, அதே நிலை இரண்டாம் அழைப்பிலும் தொடர்கிறது, எழுத்திலும் பதில்கள் சுருங்குகின்றன என்றால் அதைத் தயக்கம் என்று சொல்லி மூட முடியாது. அப்போது "பேசறதுக்கு உங்களுக்கு விருப்பம் இருக்கா, இல்ல வீட்டுக்காகப் பேசறீங்களா?" என்று நேராகக் கேட்டுவிடலாம். அன்று மாலைக்குள், பேசியதில் ஒன்றைக் குறிப்பிட்டு ஒரு சிறு செய்தி அனுப்புங்கள். "நல்லாப் பேசினோம்" என்பதைவிட "அந்தப் பையன் கதையைக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டே இருக்கேன்" என்பது அவருக்கு அதிகம் சொல்லும்.

வீடியோவுக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. பாதி வேலை குரலில் முடிந்திருக்கும். வாட்ஸ்அப் வீடியோவில் சாதாரண அழைப்பின் முன்னுரிமை கிடைக்காது என்பதால், வீட்டில் சிக்னல் தளர்வென்றால் வைஃபை உள்ள நண்பர் வீட்டுக்கோ திருத்துறைப்பூண்டிக்கோ போய்விடுவது நல்லது. போனைக் கையில் பிடிக்காதீர்கள். கை ஆடும், மேலிருந்தோ கீழிருந்தோ முகம் கோணலாகத் தெரியும். கண்மட்டத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, ஒரு கை தொலைவில் சாய்த்து வையுங்கள். சன்னல் உங்கள் முகத்துக்கு எதிரில் இருக்க வேண்டும். முதுகுப்பக்கம் இருந்தால் முகம் இருண்டு நிழல் மட்டும் தெரியும். திரையின் மூலையில் தெரியும் உங்கள் சொந்த முகம்தான் பெரிய தொந்தரவு. வீடியோ உரையாடல் ஏன் களைப்பூட்டுகிறது என்பதற்கு ஜெரமி பெய்லன்சன் என்னும் ஆய்வாளர் 2021இல் சொன்ன நான்கு காரணங்களில், தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பதும் ஒன்று. தலைமுடியைச் சரிசெய்து முடித்ததும் அந்தச் சிறு கட்டத்தைக் கீழ் மூலைக்கு நகர்த்திவிட்டு அதை மறந்துவிடுங்கள். பேசும்போது திரையின் மேற்பகுதியைப் பாருங்கள். கேமரா அங்கே இருப்பதால் அவருக்கு நீங்கள் அவரையே பார்ப்பதாகத் தெரியும். படம் உறைந்து நின்றால் இருவரும் கேமராவை நிறுத்திவிட்டுக் குரலிலேயே தொடருங்கள். படம் திரும்ப வரும்வரை "கேக்குதா, கேக்குதா" என்று கத்துவதில் அந்த நாளின் இதம் போய்விடும்.

இந்த அழைப்புகளைப் பதிவு செய்யாதீர்கள், திரையைப் படம்பிடித்துத் தங்கைக்கும் காட்டாதீர்கள். இதே பக்கத்தைப் படிக்கும், வீட்டார் அறியாமல் இணையத்தில் மட்டும் பழகிய வேறு சிலருக்கும் ஒரு சொல்: எதிரில் இருப்பவர் உங்கள் வீடியோவைத் தன் போனிலேயே பதிவு செய்ய முடியும், அது உங்களுக்குத் தெரியவும் வராது. தன் முகத்தைக் காட்ட மறுத்துக்கொண்டே உங்கள் கேமராவை மட்டும் இயக்கச் சொல்பவரிடமும், முதல் அழைப்பிலேயே உடையைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ பேசுபவரிடமும் அந்த நொடியே இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பதிவை வைத்து யாராவது மிரட்டினால் பணம் அனுப்பாமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

உங்கள் அம்மாவும் அப்பாயியும் "எங்களுக்கும் ஒரு தடவை காட்டு" என்று நிச்சயம் கேட்பார்கள். முதல் வீடியோவில் வேண்டாம். இரண்டாவது வீடியோவுக்கு முன்நாள் அவரிடம் கேளுங்கள். அவர் சரியென்றால், பேசி முடிக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் அப்பாயியை உங்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள். இயர்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போடலாம், அப்போது ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர் பேசும்படி அப்பாயிக்கு முன்பே சொல்லி வையுங்கள்.